வராதவர்களின் கணக்கு

(பிரச்சினைக் கூற்று எழுதும் முறை பற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொறியியல் கல்லூரியின் இறுதியாண்டு புராஜெக்ட் அறிக்கையில் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொள்வது பிராப்ளம் ஸ்டேட்மென்ட். தொண்டு நிறுவனம் நிதி கேட்டு அனுப்பும் விண்ணப்பத்திலும், அரசுத் துறை தயாரிக்கும் திட்ட வரைவிலும் அதற்கு அதே இடம்தான். முதலில் இருப்பதால் அது முதலில் எழுதப்பட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்ன செய்யப்போகிறோம் என்று முடிவாகி, மதிப்பீடும் போட்டு முடித்த பிறகு, அதற்கு வாகாக ஒரு பிரச்சினையைத் தேடி முன்னால் ஒட்டுவதுதான் பரவலான வழக்கம். அப்படி ஒட்டப்படும் பத்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“கிராமப்புற மக்களுக்குப் போதிய கண் மருத்துவ வசதி இல்லை.”

இந்த வாக்கியத்தை மறுத்துப் பேச யாராலும் முடியாது. இதை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் எந்த வேலையையும் தொடங்கவும் முடியாது. எந்த மக்கள், எத்தனை பேர், ஆண்டுக்கு எத்தனை புதிய ஆட்கள், வசதி இல்லாததால் அவர்கள் கையைவிட்டுப் போவது என்ன என்ற எந்தக் கேள்விக்கும் இதில் பதில் கிடையாது. ‘கண்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘பல்’ என்று போட்டாலும் வாக்கியம் அப்படியே நிற்கும். பிரச்சினைக் கூற்று வெறும் ஒப்புக்கு எழுதப்பட்டதா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை இல்லை.

யார் அவதிப்படுகிறார்கள், எவ்வளவு அடிக்கடி, அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை என்ன என்ற மூன்றையும் எப்படிக் கண்டுபிடித்து எழுதுவது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள். பொதுப்படையாகப் பேசாமல் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில், குறிப்பாக மதுரை வட்டாரத்தில், பல ஆண்டுகள் ஆராயப்பட்டு, பலமுறை திருத்தி எழுதப்பட்ட பிரச்சினை அது: கண்புரை.

இலவசம் என்றும் வராதவர்கள்

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மங்குவதைத்தான் புரை என்கிறோம். மருந்தில் அது கரையாது. மங்கிய லென்ஸை அறுவை செய்து எடுத்தாக வேண்டும். 1980-களின் பிற்பகுதியில் நாடு தழுவி எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், இந்தியாவில் பார்வையிழந்தோரில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினருக்குக் காரணம் புரை என்று தெரியவந்தது. பார்வையிழந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு, ஏற்கெனவே கைவந்த ஓர் அறுவையால் பார்வையை மீட்டுத் தர முடியும் என்பது அதன் பொருள்.

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கிராமங்களில் முகாம் போட்டுக் கண்களைப் பரிசோதிப்பது, புரை இருப்பவர்களுக்குக் கட்டணமில்லாமல் அறுவை செய்வது என்பது தொடக்கத்திலிருந்தே அதன் வேலைமுறை. பரிசோதனை இலவசம், அறுவையும் இலவசம், செய்பவர்களோ தேர்ந்த மருத்துவர்கள். ‘வசதி இல்லை’ என்பதுதான் பிரச்சினை என்றால், இதோடு அது தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. முகாமுக்கு வந்து, புரை என்று உறுதியாகி, அறுவைக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை. 1980-களில் மருத்துவமனை ஒரு வேலை செய்தது. வராமல் போனவர்களில் 65 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வீடுகளுக்கே ஆள் அனுப்பி, ஏன் வரவில்லை என்று கேட்டது. ஏறக்குறைய கால்வாசிப் பேர், “இன்னும் கொஞ்சம் தெரியுதே” என்றார்கள். இன்னொரு கால்வாசிப் பேர், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காசில்லை என்றார்கள். வீட்டை விட்டு வர முடியாது என்றவர்களும், துணைக்கு ஆள் இல்லை என்றவர்களும் அடுத்தடுத்து வந்தார்கள். அறுவைக்குப் பயம் என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவரை ஒட்டித்தான் இருந்தார்கள்.

மருத்துவர்களிடம் அதற்கு முன் கேட்டிருந்தால் பயத்தையும் அறியாமையையும்தான் முதலில் சொல்லியிருப்பார்கள். ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். வந்தவர்களின் முகத்தில் பயம் தெரியும். வராதவர்களின் வீட்டில் பஸ் காசு இல்லை என்பது அங்கிருந்து தெரியாது.

யார்?

பிரச்சினைக் கூற்றில் ‘யார்’ என்ற இடத்தை நிரப்புவது எளிது என்றுதான் தோன்றும். புரை வந்தவர்கள் என்று எழுதிவிட்டால் போயிற்று. ஆனால் ஓர் எண்ணைப் பக்கத்தில் எழுதப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலாவது, யாரைப் பார்வையிழந்தவர் என்று எண்ணுவது? கண் பரிசோதனை அட்டையின் உச்சியில் இருக்கும் பெரிய எழுத்தை, பழுதில்லாத கண் 60 மீட்டர் தொலைவிலிருந்து படித்துவிடும். அதை 6 மீட்டருக்கு வந்த பிறகுதான் ஒருவரால் படிக்க முடிகிறது என்றால் அவருடைய பார்வை 6/60. இரண்டு கண்ணில் நல்ல கண்ணின் பார்வையே அதற்கும் கீழே போய்விட்டால், இந்தியத் தேசியத் திட்டம் நெடுங்காலம் அவரைப் பார்வையிழந்தவர் என்று எண்ணியது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 3/60. அதாவது அதே எழுத்தை 3 மீட்டரில்கூடப் படிக்க முடியாதவர். 2017-இல் இந்தியாவும் அந்த அளவுகோலுக்கு மாறியது. அறுவை ஏதும் நடக்காமலே, இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தவர்கள் ஒரே நாளில் அந்தக் கணக்கிலிருந்து வெளியே போனார்கள். ‘பார்வையிழந்தோர் இத்தனை பேர்’ என்று எழுதும் கூற்று எந்தக் கோட்டை வைத்து எண்ணியது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெற்றி கொண்டாடிவிட முடியும்.

இரண்டாவது, எண்ணுவது ஆளையா, கண்ணையா? மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறுவது அறுவை. ஓர் அறுவை என்பது ஒரு கண். ஒரு கண்ணில் செய்துகொண்டு நன்றாகத் தெரிந்தவர் அடுத்த ஆண்டு மறு கண்ணுக்கும் வருவார். பதிவேட்டில் இரண்டு அறுவை ஏறும், பார்வை பெற்றவர் ஒருவர்தான். பத்தாயிரம் அறுவை நடந்ததால் பத்தாயிரம் பேர் பார்வை பெற்றார்கள் என்று எழுதுவது பெருந்தவறு. வழி தெரிந்தவரும் வசதி உள்ளவரும் இரண்டாவது கண்ணுக்கு வந்துகொண்டிருக்க, இரண்டு கண்ணும் போனவர் முதல் அறுவைக்கே வராமல் வீட்டில் இருப்பார். மொத்த எண் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவது, அந்த வீட்டில் இருப்பவர் யார்? 2001-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று, உலகெங்கும் பார்வையிழந்தோரில் ஏறக்குறைய மூவரில் இருவர் பெண்கள் என்று காட்டியது. பெண்கள் கூடுதல் காலம் வாழ்வது ஒரு காரணம். அறுவை அவர்களை ஆண்களைப் போலச் சென்று சேரவில்லை என்பது இன்னொரு காரணம். தாத்தாவுக்குக் கண் தெரியவில்லை என்றால் வரவு செலவு நின்றுபோகும்; வீடு பதறும். பாட்டிக்குக் கண் தெரியவில்லை என்றால், “வயசாயிட்டா அப்படித்தான்” என்று வீடு அதோடு பழகிக்கொள்ளும்.

தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ள பெரியவர்களில் முகாமுக்குப் போனவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேர்தான் என்றது. முகாம் பந்தலில் கூட்டம் அலைமோதியிருக்கலாம். ஆனால் முகாம் பதிவேட்டை மட்டும் வைத்து ‘யார்’ என்று எழுதினால், எழுதப்படுவது அந்த ஏழு பேரைப் பற்றித்தான். எந்தத் துறையில் பிரச்சினைக் கூற்று எழுதினாலும், வருபவர்களின் பதிவேட்டைக்கொண்டு வராதவர்களைப் பற்றி எழுதக் கூடாது என்பதை இந்த ஓர் எண் உரக்கச் சொல்கிறது.

எவ்வளவு அடிக்கடி?

இந்தக் கேள்விக்கு இரண்டு அடுக்கு உண்டு. ஊர் அளவில் கேட்டால் ஒரு பதில், ஆள் அளவில் கேட்டால் இன்னொன்று.

ஊர் அளவில் முதலில் பார்க்கலாம். ஒரு நாளில் கணக்கெடுத்து, புரையால் பார்வையிழந்தவர்கள் இத்தனை பேர் என்று சொன்னால் அது இருப்பு. ஆண்டுக்குப் புதிதாக எத்தனை பேர் அந்த நிலைக்கு வருகிறார்கள் என்பது வரத்து. இருப்பை மட்டும் எழுதும் கூற்று, ஒருமுறை பெரிய இயக்கம் நடத்தினால் கணக்கு முடிந்துவிடும் என்ற எண்ணத்தை உண்டாக்கும். மினாசியன், மெஹ்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 38 லட்சம் பேர் புரையால் புதிதாகப் பார்வையிழக்கிறார்கள் என்பது அவர்களுடைய மதிப்பீடு. கட்டுரையின் தலைப்பிலேயே அந்த எண்ணை வைத்திருந்தார்கள். அப்போது நாட்டில் ஆண்டுக்கு நடந்துகொண்டிருந்த புரை அறுவைகள் அதில் பாதியைக்கூட எட்டவில்லை.

இருப்பைக் கேட்டவர், “எத்தனை முகாம் நடத்தினால் தீரும்?” என்று கேட்பார். வரத்தைக் கேட்டவர், “ஆண்டுக்கு இத்தனை அறுவை, ஆண்டு தவறாமல் செய்யும் அமைப்பு எங்கே?” என்று கேட்பார். முதல் கேள்விக்குப் பந்தலும் பிளெக்ஸும் போதும். இரண்டாவதற்கு மருத்துவர், செவிலியர், லென்ஸ், அறுவை அரங்கு எல்லாம் நிரந்தரமாக வேண்டும். ஒரே நோய்தான், கூற்றில் எந்த எண் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலையே மாறிவிடுகிறது. அந்த 38 லட்சமும் ஒரு பகுதியில் எடுத்த தரவிலிருந்து நாட்டுக்கு விரித்துப் போட்ட மதிப்பீடுதான் என்பதையும் மறக்கக் கூடாது. மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்று எழுத வேண்டும்; எழுதாமல் விட்டால் அடுத்தவர் அதை எண்ணிப் பார்த்த கணக்காக எடுத்துக்கொள்வார்.

ஆள் அளவில் ‘எவ்வளவு அடிக்கடி’ என்பது இன்னும் நுணுக்கமானது. புரை நாள்தோறும் இருக்கிறது. அதனால் தினமும் என்று எழுதிவிடலாமா? அது நோயின் கணக்கு. அவதியின் கணக்கு வேறு. முற்றிய புரை உள்ள ஒரு மூதாட்டியின் ஒரு நாளை எடுத்துக்கொண்டால், விடிவதற்கு முன் கொல்லைக்குப் போக ஒரு துணை, அரிசியில் கல் பொறுக்க முடியாமல் மருமகளை ஒருமுறை கூப்பிடுவது, ரேஷன் கடைக்குப் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு போவது, வெயில் ஏறிய பிறகு கூச்சத்தில் திண்ணையை விட்டு இறங்காமல் இருப்பது என்று வரிசையாக எழுத முடியும். ஒவ்வொரு தடவையும் இன்னொருவருடைய நேரம் அதில் சேர்கிறது. “இன்னும் கொஞ்சம் தெரியுதே” என்று சொன்ன கால்வாசிப் பேரை இந்தப் பட்டியல்தான் புரியவைக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு ஆள் உருவம் தெரிந்தது, வாசல் தெரிந்தது. எதெல்லாம் செய்ய முடியாமல் போயிற்று என்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

அந்தப் பதிலுக்குப் பின்னால் மருத்துவத்தின் பங்கும் உண்டு. லென்ஸ் பதிக்கும் முறை பரவுவதற்கு முன்பு, மங்கிய லென்ஸை முழுதாக எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். ஒரு கண்ணில் மட்டும் அப்படிச் செய்தால், அந்தக் கண்ணுக்கு உருவம் பெரிதாகவும் மறு கண்ணுக்குச் சிறிதாகவும் தெரியும், இரண்டும் ஒத்துப்போகாது. அதனால் இரண்டு கண்ணும் நன்றாக மங்கட்டும், புரை முற்றட்டும் என்று மருத்துவர்களே காத்திருக்கச் சொன்ன காலம் இருந்தது. லென்ஸ் பதிக்கும் முறை வந்த பிறகு காத்திருக்கும் தேவை போய்விட்டது. ஆனால் “புரை முத்தணும்” என்ற பேச்சு ஊரில் தங்கிவிட்டது. கூற்று எழுதுபவர் இதை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டால், அது முன்பு சரியாக இருந்த அறிவுரை என்பதும், அதை மாற்றிச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதும் மறைந்துபோகும்.

என்ன விலை?

மருத்துவமனையின் கணக்குப் புத்தகத்தில் முகாம் நோயாளியின் அறுவைக்கு நேராக ‘இலவசம்’ என்று இருக்கும். நோயாளியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இது உண்மையான ஒருவருடைய கணக்கு அல்ல; கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு வைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. விலைவாசி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், ரூபாயில் சொல்லாமல் ஒரு நாள் கூலியை அலகாக வைத்துக்கொள்வோம்.

அறுபது வயதைத் தாண்டிய விவசாயக் கூலிப் பெண். இரண்டு கண்ணிலும் புரை. ஆறு மாதமாக வேலைக்குப் போகவில்லை. மகன் வீட்டில் இருக்கிறார். ஆஸ்பத்திரி இரண்டு பஸ் மாறிப் போகும் தொலைவு. தனியாகப் போக முடியாது, மருமகள் கூடப் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் தங்கல் என்று வைத்துக்கொண்டால் மருமகளுக்கு ஐந்து நாள் கூலி போச்சு. ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு மறுபடி போக வேண்டும். அதில் இன்னொரு நாள். ஆக ஆறு. ஒருவர் போய்வர அரை நாள் கூலி ஆகும் என்றால், இருவர் இரண்டு முறை போய்வர இரண்டு நாள் கூலி. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு கிடைக்கும், துணைக்கு வந்தவர் வெளியில்தான் சாப்பிட வேண்டும். நாளுக்கு அரை நாள் கூலி என்றால் ஐந்து நாளுக்கு இரண்டரை. கூட்டினால் பத்தரை நாள் கூலி.

‘இலவச’ அறுவையின் விலை பத்தரை நாள் கூலி. அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடும் வீட்டில் அந்தப் பணத்தைக் கடனாகத்தான் புரட்ட வேண்டும். மருமகள் இல்லாத ஐந்து நாளும் பிள்ளைகளை யார் பார்ப்பது, ஆட்டை யார் மேய்ப்பது என்பவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை. வீட்டை விட்டு வர முடியாது, துணைக்கு ஆள் இல்லை என்ற பதில்களெல்லாம் இந்தக் கணக்கின் வெவ்வேறு வரிகள்தான்.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும்: அறுவை செய்துகொள்ளாமல் இருப்பதன் விலை. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில் டாக்டர் வெங்கடசாமியும் பங்கேற்றார். பார்வை போனதால் வேலையை இழந்தவர்களில், அறுவைக்குப் பிறகு ஆண்களில் 85 விழுக்காட்டினரும் பெண்களில் 58 விழுக்காட்டினரும் மறுபடி வேலைக்குத் திரும்பினார்கள் என்று அது காட்டியது. பத்தரை நாள் கூலி கொடுத்தால் ஆண்டு முழுதும் கூலி திரும்பக் கிடைக்கும் என்றால் யாருக்கும் லாபம்தானே என்று கேட்கத் தோன்றும். கையில் பத்தரை நாள் கூலி இல்லாதவருக்கு அந்த லாபக் கணக்கால் பயனில்லை. முதலில் கொடுக்க வேண்டியதும் பின்னால் கிடைக்கப்போவதும் இரண்டு தனி வரிகளாகக் கூற்றில் நிற்க வேண்டும் என்பது இதனால்தான்.

இந்த இடத்தில் ஓர் எல்லையையும் சொல்லியாக வேண்டும். விலையைக் கூலியில் மட்டும் அளந்தால், கூலிக்குப் போகாத மூதாட்டியின் இழப்பு சுழியம் என்று வந்துவிடும். மேலே போட்ட கணக்கிலும் அவருடைய நாளுக்கு மதிப்பே வரவில்லை. மருமகளின் நாளுக்குத்தான் வந்தது. அடுப்படியிலிருந்து விலகிப்போனது, தடுக்கி விழுந்து இடுப்பு முறியும் ஆபத்து, பேத்தியின் முகம் தெரியாதது எல்லாவற்றையும் பணமாக்க முடியாது, பணமாக்கவும் வேண்டாம். ஆனால் அவற்றை எண்ணவாவது முடியும்: வாரத்தில் எத்தனை தடவை விழுந்தார், நாளில் எத்தனை தடவை துணை கேட்டார் என்று எழுதலாம்.

மறுபடி எழுதிப் பார்த்தால்

இப்போது முதல் வாக்கியத்துக்குத் திரும்பலாம். ‘கிராமப்புற மக்களுக்குப் போதிய கண் மருத்துவ வசதி இல்லை’ என்பதை இப்படித் திருத்துவார் ஒருவர்:

“கிராமங்களில் புரையால் பலர் பார்வையிழக்கிறார்கள், இலவச அறுவை பற்றிய விழிப்புணர்வு அவர்களுக்கு இல்லை.”

நோயின் பெயர் வந்துவிட்டது, ஆனாலும் இது முன்னதைவிட ஆபத்தானது. ‘விழிப்புணர்வு இல்லை’ என்பது பிரச்சினை போல் உடுத்திக்கொண்டு வந்திருக்கும் தீர்வு. இதைப் படித்த உடனே நோட்டீசும் ஒலிபெருக்கியும்தான் நினைவுக்கு வரும். ‘ஆம்புலன்ஸ் இல்லை’, ‘செயலி இல்லை’, ‘கருவி இல்லை’ என்று முடியும் கூற்றுகள் எல்லாம் இந்த இனம். இல்லாதது எது என்று எழுதினால், அதை வாங்குவதுதான் வழி என்று முடிவாகிவிடும். அதற்குப் பதிலாக, நடப்பது எது என்று எழுத வேண்டும்.

மூன்று கேள்விக்கும் விடை தேடி வந்தவர் எழுதும் கூற்று ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“இந்த ஒன்றியத்தில் முகாமில் பரிசோதித்து, இரண்டு கண்ணிலும் புரையால் 6/60-க்குக் கீழே பார்வை என்று உறுதியான 60 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர், அறுவை இலவசம் என்று தெரிந்தும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வராதவர்களில் பெண்கள் கூடுதல். வந்து திரும்ப ஒரு குடும்பத்துக்குப் பத்து நாள் கூலிக்கு மேல் செலவாகிறது. அதில் பாதிக்கு மேல் துணைக்கு வருபவர் இழக்கும் கூலி. ஆண்டுதோறும் புதிதாகப் புரை முற்றுபவர்கள் இவர்களோடு சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.”

‘பெரும்பாலோர்’, ‘கூடுதல்’ என்ற இடங்களில் அந்த ஒன்றியத்தில் எடுத்த எண் வர வேண்டும். இந்தக் கூற்றைப் பொய் என்று ஒருவர் நிரூபித்துவிட முடியும். ஒரு வாரம் வீடு வீடாகப் போனால் போதும். நல்ல கூற்றின் அடையாளம் அது. எந்தத் தீர்வும் இதில் எழுதப்படவில்லை. ஆனாலும் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தெரிகிறது: செலவில் பெரும்பகுதி துணைக்கு வருபவருடையது.

மதுரையில் நடந்ததும் அதுதான். அறுவையோடு பயணமும் சாப்பாடும் இலவசமாகின. முகாம் முடிந்த கையோடு நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, அறுவை முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரே பகுதியிலிருந்து பலர் சேர்ந்து வந்ததால் ஒருவருக்கொருவர் துணையானார்கள். வீட்டிலிருந்து தனியாக ஓர் ஆள் வர வேண்டிய கட்டாயம் குறைந்தது. மறுபரிசோதனையை ஊருக்கு அருகிலேயே வைத்தார்கள். மேலே போட்ட கணக்கில் பார்த்தால், துணையின் ஆறு நாள் கூலி, பஸ் கட்டணம், வெளிச்சாப்பாடு என்ற மூன்று வரியும் ஒன்றன்பின் ஒன்றாக அடிபட்டுப் போகின்றன.

இது சரிதானா என்று சோதித்தும் பார்த்தார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1991-இல் வெளியான ஓர் ஆய்வில், கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் அறுவைச் செலவை மட்டும், வேறு சிலவற்றில் பயணம், சாப்பாடு உட்பட முழுச் செலவையும் ஏற்றார்கள். செய்தியைக் கொண்டுபோகும் முறையையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். முழுச் செலவையும் ஏற்ற இடங்களில் அறுவைக்கு வந்தவர்கள் கூடினார்கள். ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசிய முறை நல்ல பலன் தந்தது. “இன்னும் கொஞ்சம் தெரியுதே” என்றவரிடம், நானும் அப்படித்தான் சொன்னேன் என்று சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

எண் கூடினால் போதுமா?

சரியாக எழுதிய கூற்றும் நாளடைவில் கெட்டுப்போகும். பெரும்பாலும் அளவுகோல் வழியாகத்தான் கெடும். உலக வங்கிக் கடனுதவியோடு 1994 முதல் 2002 வரை தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் கண்புரைத் திட்டம் நடந்தது. அத்தகைய பெரிய திட்டங்களில் இலக்கு அறுவை எண்ணிக்கையாகத்தான் போடப்படும். எண்ணிக்கையை இலக்காக்கியதும், அறுவைக்குப் பிறகு அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரிகிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. பழைய முறையில் செய்துகொண்டவரின் சோடாபுட்டிக் கண்ணாடி உடைந்துவிட்டால் அவர் மறுபடி பார்வையற்றவர்தான். பதிவேட்டிலோ அவர் தீர்ந்துபோன கணக்கு. ஆராய்ச்சியாளர்கள் ஊருக்குள் போய், அறுவை முடிந்தவர்களின் பார்வையை அளந்த பிறகுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது.

1992-இல் மதுரையில் அரவிந்தின் லென்ஸ் தயாரிப்பு நிறுவனமான ஆரோலேப் தொடங்கப்பட்டு, கண்ணுக்குள் பதிக்கும் லென்ஸ் இறக்குமதி விலையைவிடப் பல மடங்கு மலிவாகக் கிடைத்ததற்கும் இந்த நிலை மாறியதில் பங்குண்டு. ‘அறுவை போதவில்லை’ என்று மட்டும் பிரச்சினையை எழுதியிருந்தால் லென்ஸ் என்பது ஆடம்பரம். ‘அறுவைக்குப் பிறகும் வேலைக்குத் திரும்பும் அளவுக்குக் கண் தெரியவில்லை’ என்று எழுதினால் லென்ஸ் கட்டாயத் தேவை. நோயாளி கொடுக்கும் விலை என்ற மூன்றாவது கேள்வியை அறுவையோடு நிறுத்திவிடாமல், அதற்குப் பின்னும் கேட்டதால் வந்த வேறுபாடு இது.

இந்த அவையில் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய புராஜெக்டுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களும், நன்கொடை கொடுக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள். மாணவர்களுக்கு ஒரு வேலை: கூற்றை எழுதுவதற்கு முன், உங்கள் சேவைக்கு வர வேண்டியவர், ஆனால் வராதவர் ஒருவரின் வீட்டுக்குப் போய், அவருடைய ஒரு நாளையும் அவருடைய செலவையும் வரிவரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். ஆசிரியர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: யார், எவ்வளவு அடிக்கடி, என்ன விலை என்ற மூன்றில் ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மீதிப் பக்கங்களைப் படிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.